செல்ஃபியில் இருந்து அவதார்: உங்கள் முகத்தில் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம்?

நீங்கள் பெங்களூருவின் ஹெப்பகோடியில் ஒரு பிஜியில் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஷிஃப்ட் முடிந்து வந்து, கட்டிலில் சாய்ந்தபடி ஒரு புது கேமைத் திறக்கிறீர்கள். "ஒரு செல்ஃபி எடுங்கள், உங்களைப் போலவே ஒரு அவதார் ரெடி" என்கிறது. ட்யூப் லைட் வெளிச்சம், பச்சை பெயின்ட் அடித்த சுவர், கை நீளத்தில் போன். க்ளிக். சில நொடிகளில் திரையில் ஒருவர் வந்து நிற்கிறார். மூக்கு பெரிதாக இருக்கிறது. நிறம் உங்களுடையது இல்லை. தலை வகிடு எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஆனால் சட்டை மட்டும் நன்றாக இருக்கிறது!

இப்படி ஆகும்போது பலர் ஆப்பைத் திட்டுவார்கள், இல்லையென்றால் "நான் இப்படித்தான் இருக்கேனா?" என்று கண்ணாடி முன் போய் நிற்பார்கள். இரண்டுமே தேவையில்லை. இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்த விஷயம்தான். போனுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் ஒரு காரணம், வெளிச்சம் இன்னொரு காரணம். மூன்றாவது, நிஜம்போல எவ்வளவு வேண்டும் என்று நீங்கள் எடுக்கும் முடிவு. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் உங்களிடம் கேட்பதில்லை. ஆப்பே முடிவு செய்துவிடுகிறது.

ஆப்புக்குள் என்ன நடக்கிறது?

செல்ஃபியை வாங்கியதும் ஆப் முதலில் முகத்தின் மேல் சில அடையாளப் புள்ளிகளைக் குறிக்கிறது. கண்ணின் இரு ஓரங்கள், புருவத்தின் வளைவு, மூக்கு நுனி, உதட்டின் விளிம்பு, தாடையின் கோடு. அதற்குப் பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது.

முதல் வழி, கடையில் ரெடிமேட் சட்டை எடுப்பது போன்றது. ஆப்பிடம் ஏற்கெனவே நாற்பது மூக்கு, அறுபது தலைமுடி, சில பத்து தோல் நிறங்கள் என்று ஒரு அலமாரி இருக்கும். உங்கள் முகத்துக்கு நெருக்கமானதை அதில் இருந்து எடுத்துப் பொருத்தும். ஸ்னாப்சாட்டின் பிட்மோஜி, ஃபேஸ்புக்கில் 2020 ஜூன் கடைசியில் இந்தியாவுக்கு வந்த அவதார், 2022 டிசம்பரில் வாட்ஸ்அப்பில் வந்தது எல்லாம் இந்த வகை. அலமாரியில் இல்லாத மூக்கு உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாவது வழி தையற்காரரிடம் அளவு கொடுப்பது போன்றது. கம்ப்யூட்டரிடம் ஒரு சராசரி முப்பரிமாண முகம் இருக்கும். உங்கள் புள்ளிகளுக்கு ஏற்ப அதை இழுத்து, அமுக்கி, நீட்டி, கடைசியில் உங்கள் செல்ஃபியில் இருக்கும் தோலையே அதன்மேல் ஒரு படம்போல ஒட்டும். 2018-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்9 போனில் வந்த ஏஆர் எமோஜி, என்பிஏ 2கே கூடைப்பந்து கேமில் உங்கள் முகத்தை ஆட்டக்காரருக்கு வைக்கும் வசதி ஆகியவை இந்தப் பக்கம் சேரும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சராசரி முகம் யாருடைய சராசரி? ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலம் பயன்படுத்திய பிரபலமான மாதிரிகளில் ஒன்று, சுவிட்சர்லாந்தின் பாஸல் பல்கலைக்கழகம் 2009-இல் வெளியிட்டது. 200 பேரின் முகத்தை ஸ்கேன் செய்து உருவாக்கினார்கள். பெரும்பாலானவர்கள் ஐரோப்பியர்கள். இந்த வகை மாதிரிகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. படம் மங்கலாக இருந்தாலோ, நிழல் விழுந்தாலோ, அதாவது தனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம், முகத்தைச் சராசரியின் பக்கம் இழுத்துவிடும். இருட்டில் எடுத்த செல்ஃபி உங்களை வேறு ஊர்க்காரராக மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய ஆப்கள் எந்த மாதிரியைப் பயன்படுத்துகின்றன என்பதைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் சராசரிக்குப் போவது பொதுக்குணம். எனவே தெளிவான படம் கொடுப்பது அழகுக்காக இல்லை, உங்கள் முகம் உங்களுடையதாகவே வருவதற்காக.

மூக்கு ஏன் பெரிதாகிறது?

இதற்கு அளவே எடுத்திருக்கிறார்கள். முகத்தில் இருந்து 12 அங்குலத்தில், அதாவது 30 சென்டிமீட்டரில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் உண்மையைவிட சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கணக்கு சொல்கிறது. ஐந்து அடி தூரத்தில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமல் போகிறது. போன் கேமராவின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேமராவுக்கு மூக்கு பக்கத்தில் இருக்கிறது, காது தள்ளி இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உங்கள் நண்பர்கள் உங்களை 30 சென்டிமீட்டரில் இருந்து பார்ப்பதில்லை. டீக்கடையில் எதிரே நின்று, நாலைந்து அடி தள்ளித்தான் பார்க்கிறார்கள். அவர்கள் மனதில் இருக்கும் முகம் அந்தத் தூரத்து முகம். ஆகவே படத்தையும் அங்கிருந்தே எடுங்கள். போனை ஜன்னல் விளிம்பிலோ தண்ணீர் பாட்டிலில் சாய்த்தோ, கண் உயரத்தில் வையுங்கள். பின்பக்க கேமராவை உங்கள் பக்கம் திருப்பி, பத்து நொடி டைமர் போட்டுவிட்டு ஐந்து அடி தள்ளி நில்லுங்கள். பிறகு முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். கேலரியில் இருந்து படம் ஏற்ற விடாமல், "இப்போதே எடு" என்று அடம்பிடிக்கும் ஆப்களும் உண்டு. அப்போது கையை முழுதாக நீட்டுங்கள், அதைவிட வழியில்லை.

பின்பக்க கேமராவுக்கு இன்னொரு லாபம் உண்டு. பல போன்களின் முன்கேமரா படத்தைக் கண்ணாடிபோல இடவலமாகத் திருப்பிச் சேமிக்கும். அதை வைத்துச் செய்த அவதார் உங்களுக்குச் சரியாகத் தோன்றும். ஏனெனில் நீங்கள் தினமும் பார்ப்பது கண்ணாடியில் தெரியும் முகம். மற்றவர்களுக்கு அது சற்று வேறு ஆளாகத் தெரியும். இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருக்கும். வகிடும் அப்படியே. செட்டிங்கில் மிரர் என்ற சொல்லைத் தேடி அணைத்துவிட்டால் இந்தப் பிரச்னை போய்விடும். அதே இடத்தில் பியூட்டி மோட் இருந்தால் அதையும் அணையுங்கள். தோலை வழவழவென்று ஆக்கிவிட்டால் ஆப்புக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு எடுங்கள். தையற்காரர் வகை ஆப்களில் கண்ணாடியின் ஃப்ரேம் கன்னத்தோடு சேர்ந்து தோலாகவே ஒட்டிக்கொள்ளும். தலையைத் திருப்பினால் பச்சை குத்தியதுபோல இருக்கும். பொட்டு, திருநீறு ஆகியவற்றுக்கும் இதே கதி நேரலாம். அவதார் வந்த பிறகு அலமாரியில் தேடி மேலே சேர்ப்பது சுத்தமாக இருக்கும். சிரிக்க வேண்டாம். சிரிக்கும்போது விழும் கன்னக் கோடு, அவதார் அழும்போதும் அப்படியே இருக்கும்.

நிறம்: ஒரு வெள்ளைத் தாள் போதும்

இனி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செல்ஃபி அவதாரில் அதிகம் தப்பிப்போவது தோல் நிறம். நம் ஊரில் நிறம் என்பது வெறும் நிறமில்லை என்பதால், அதிகம் வலிப்பதும் அதுதான்.

கேமராவுக்கு உங்கள் நிறம் தெரியாது. தன்மேல் வந்து விழும் வெளிச்சம் மட்டுமே தெரியும். மஞ்சள் பல்பின் கீழ் முகம் ஆரஞ்சாகும். பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒரு கன்னத்தைப் பச்சையாக்கும். அதோடு, முகம் திரையை நிறைத்து நிற்கும்போது "படம் நடுத்தர வெளிச்சத்தில் இருக்க வேண்டும்" என்று கேமரா தானே முடிவு செய்து, கருப்பு முகத்தை வெளுப்பாக்கிவிடும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் இதற்கு நேர் எதிராக, மாநிறம் கருப்பாகும். ஒரே ஆள், ஒரே அறை, ஒரே நாள். மூன்று நிறங்கள் வரும்.

எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் படும் அதே வெளிச்சம் படும்படி தாடைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுங்கள். தாள் வெள்ளை என்பது நமக்குத் தெரியும். படத்தில் அது எந்த நிறமாக வருகிறதோ, அதுதான் வெளிச்சம் செய்த கோளாறு. அதைக் கழித்துவிட்டால் உங்கள் நிறம் மிஞ்சும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். படத்தைக் கம்ப்யூட்டரில் பெயின்ட் போன்ற ஏதாவது ஒரு மென்பொருளில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியைத் தாளின் மேல் வைத்தால் சிவப்பு 240, பச்சை 222, நீலம் 180 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிஜ வெள்ளையில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே நீலம் குறைந்திருக்கிறது, சிவப்பு கூடியிருக்கிறது. மஞ்சள் பல்பின் வேலை அது. அதே படத்தில் கன்னத்தின் மேல் வைத்தால் 158, 110, 68 என்று வருகிறது.

பச்சையை அப்படியே விட்டுவிட்டு மற்ற இரண்டையும் தாளின் கணக்குப்படி சரிசெய்யலாம். சிவப்பு: 158-ஐ 222-ஆல் பெருக்கி 240-ஆல் வகுத்தால் 146. நீலம்: 68-ஐ 222-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்தால் 84. ஆக, கன்னத்தின் நிறம் 146, 110, 84. இதையே நிறக் குறியீடாக எழுதினால்:

```
சரிசெய்யும் முன்: #9E6E44
சரிசெய்த பின்:   #926E54
```

ஏதாவது ஒரு வண்ணத் தேர்வுப் பக்கத்தில் இரண்டையும் அடித்துப் பாருங்கள். முதலாவது ஆரஞ்சு கலந்த பழுப்பு. இரண்டாவது நிதானமான பழுப்பு, முகத்துக்கு நெருக்கமானது. பரிசோதனைக்கூடத் துல்லியம் இதில் கிடைக்காது. ஆனால் அலமாரியில் இருக்கும் சில பத்து நிறக் கட்டங்களில் உங்களுடையது எது என்று முடிவு செய்ய இது தாராளம்.

இதில் மூன்று கவனங்கள். தாளின் எண்களில் ஏதாவது ஒன்று 255-ஐத் தொட்டுவிட்டால் அந்தப் படம் உதவாது. அதற்கு மேல் எண்ணே கிடையாது என்பதால் கணக்கு பொய்யாகிவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி எடுங்கள். நெற்றி, மூக்கு நுனி போன்ற எண்ணெய் மினுக்கும் இடங்களில் நிறம் எடுக்காதீர்கள். கன்னம், தாடை ஓரம், கழுத்து என்று மூன்று இடங்களில் எடுத்து நடுவில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால், காலை ஒன்பது மணிவாக்கில் மொட்டை மாடியில் நேர் வெயில் படாத நிழலில், வானத்தைப் பார்த்து நின்று எடுங்கள். சுற்றிலும் வண்ணச் சுவர் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிழையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

அலமாரியில் உங்கள் நிறமே இல்லாவிட்டால்? அதுவும் நடக்கும். தோல் மருத்துவர்கள் 1975-இல் இருந்து பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் ஆறே வகைதான். அதுவும், வெயில் பட்டால் தோல் எப்படிச் சிவக்கும் என்று பார்ப்பதற்காக வெள்ளைத் தோலை மனதில் வைத்துத் தொடங்கியது. டெக் நிறுவனங்கள் இதையே பல ஆண்டுகள் தங்கள் அளவுகோலாக வைத்திருந்தன. 2022-இல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிற அளவுகோலை கூகுள் வெளியிட்டது. அதில் கருமைப் பக்கம் கட்டங்கள் கூடுதல். நீங்கள் பயன்படுத்தும் ஆப்பில் பழுப்பு நிறங்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அந்த ஆப் யாரை நினைத்துச் செய்யப்பட்டது என்பது தெரிந்துவிடும். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் கருமையான பக்கம் போங்கள் என்பது என் யோசனை. பல ஆப்களில் அவதாரின் மேல் விழும் செயற்கை வெளிச்சமே நிறத்தை ஒரு படி வெளுப்பாகக் காட்டும்.

நிஜம்போல எவ்வளவு வேண்டும்?

நிஜம்போல என்பதை ஒரே திருகு என்று நினைக்கிறோம். உண்மையில் மூன்று இருக்கின்றன. முகத்தின் வடிவம் ஒன்று, தோலின் விவரம் ஒன்று, அசைவு ஒன்று. இவை மூன்றும் ஒரே அளவில் திருகப்பட்டிருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. ஒன்று மட்டும் தனியாக ஏறி நின்றால் உறுத்தும்.

ஜப்பானிய ரோபோ பொறியாளர் மசாஹிரோ மோரி 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். பொம்மை மனிதனை ஒத்துப்போக ஒத்துப்போக நமக்கு அதன்மேல் பிடிப்பு கூடுகிறது, ஆனால் கிட்டத்தட்ட மனிதன் என்ற இடத்துக்கு வந்ததும் திடீரென்று அருவருப்பு வருகிறது என்றார். அந்தச் சரிவுக்குப் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தார். அவர் அளந்து சொன்னதில்லை, யோசித்துச் சொன்னது. பின்னால் வந்தவர்கள் அளந்தார்கள். 2009-இல் கார்ல் மேக்டோர்மனும் குழுவினரும் கம்ப்யூட்டர் முகங்களைக் காட்டிக் கேட்டபோது, பெரிதாக்கிய கண்கள் கார்ட்டூன்போன்ற முகத்தில் பெரிய தொல்லையாகத் தெரியவில்லை; அதே கண்கள் புகைப்படம்போன்ற தோலில் வந்ததும் பயமாகத் தோன்றின. அதாவது, கண் பெரிதாக இருப்பது பிரச்னை இல்லை. தோல் நிஜமாகவும் கண் கார்ட்டூனாகவும் இருப்பதுதான் பிரச்னை. கேலக்ஸி எஸ்9 எமோஜிகளைப் பார்த்துப் பலர் முகம் சுளித்ததற்கும் இது பொருந்தும். பொம்மைத் தலையில் நம்முடைய தோலை ஒட்டினால் அப்படித்தான் இருக்கும்.

ஆக, உங்கள் ஆப்பில் கண்ணும் உடம்பும் கார்ட்டூனாக இருந்தால், தோலில் இருக்கும் துளை, பரு, சுருக்கம் எல்லாவற்றையும் துணிந்து கழற்றிவிடுங்கள். அதனால் நீங்கள் நீங்களாக இல்லாமல் போய்விட மாட்டீர்கள். ஒருவரை அடையாளம் காண நாம் தோலைப் பார்ப்பதில்லை. எம்ஐடியில் பவன் சின்ஹாவின் குழு 2003-இல் ஒரு சோதனை செய்தது. பிரபலங்களின் படங்களில் ஒரு முறை கண்களை அழித்தார்கள், இன்னொரு முறை புருவங்களை அழித்தார்கள். புருவம் இல்லாத படங்களைத்தான் மக்களால் அதிகம் அடையாளம் காண முடியவில்லை. நம்ப முடியவில்லை என்றால் ரஜினிகாந்த் படம் ஒன்றில் புருவத்தை விரலால் மறைத்துப் பாருங்கள்.

அதனால் அவதார் செய்யும்போது புருவத்துக்கு நேரம் கொடுங்கள். நடுவில் சேருகிறதா, எந்தக் கோணத்தில் ஏறுகிறது, எவ்வளவு அடர்த்தி என்று பாருங்கள். அடுத்தது நெற்றியில் முடி தொடங்கும் கோடு. வழுக்கை ஏறியிருந்தால் ஏறியதாகவே வையுங்கள், அடையாளமே அதுதான். பிறகு தாடி மீசையின் வடிவம், கண்ணாடி, முகம் நீளமா வட்டமா என்பது. இந்த ஐந்தும் சரியாக இருந்தால் மூக்கை ஆப் போட்டபடியே விட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு தந்திரம் கேலிச்சித்திரக்காரர்களுடையது. உங்களிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று எதுவோ, அதை மட்டும் ஒரு படி கூட்டுங்கள். கில்லியன் ரோட்ஸ், சூசன் ப்ரென்னன், சூசன் கேரி மூவரும் 1987-இல் செய்த ஆய்வில், தெரிந்தவர்களின் முகத்தைக் கோட்டோவியமாகக் காட்டினார்கள். துல்லியமாக வரைந்ததைவிட, தனித்தன்மையை மிகைப்படுத்தி வரைந்ததை மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் முகம் தெரிவது நகம் அளவு வட்டத்தில். அங்கே துல்லியத்துக்கு வேலையே இல்லை. காது பெரிதா? இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

எல்லா இடத்திலும் கார்ட்டூன்தான் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆப்பிள் விஷன் ப்ரோவில் 2024-இல் வந்த பெர்சோனா, அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடியோ காலில் பேசுகிறவருக்கான முகம். எதிரில் இருப்பவர் உங்கள் முகபாவத்தைப் படிக்க வேண்டிய இடம் அது. அங்கே மூன்று திருகுகளையும் சேர்த்து மேலே ஏற்றுகிறார்கள். அதற்கு அந்தக் கருவியில் இருக்கும் பல கேமராக்கள் தேவைப்படுகின்றன. ஒரே ஒரு செல்ஃபியை வைத்து அந்த உயரத்துக்கு ஏறப் பார்த்தால் பள்ளத்தாக்கில்தான் விழ வேண்டும்.

கிருஷ்ணகிரியில் வந்த அப்பா

ஹெப்பகோடியில் இருந்து ஓசூர் சாலையில் தெற்கே போனால், எல்லையைத் தாண்டி வருவது கிருஷ்ணகிரி மாவட்டம். அங்கே சிவலிங்கபுரம் என்ற கிராமத்தில் 2022 பிப்ரவரி 6 அன்று ஒரு திருமணம் நடந்தது. கொரோனா கட்டுப்பாட்டால் நூறு பேருக்கு மேல் கூட முடியாது என்ற நிலையில், வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தார்கள். ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டையை ஒத்த அரங்கம். விருந்தினர்கள் போனிலும் லேப்டாப்பிலும் அவதாராக வந்தார்கள். மணமகளின் அப்பா முந்தைய ஆண்டே காலமாகிவிட்டவர். அவரைப் போன்ற ஓர் அவதாரும் அங்கே நின்று மணமக்களை வாழ்த்தியது.

எவ்வளவு நிஜம் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடக் கனமான இடம் எனக்குத் தெரியவில்லை. மறைந்தவரிடம் போய் "இன்னொரு செல்ஃபி எடுக்கலாம், வெளிச்சம் சரியில்லை" என்று சொல்ல முடியாது. இருப்பது பழைய கல்யாண ஆல்பமும் ஆதார் அட்டைப் படமும்தான். இப்படி ஒன்றை உங்கள் வீட்டில் யாராவது செய்ய நினைத்தால், மேலே சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும், கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையோடு.

பல பேர் ஒரே நேரத்தில் போனில் வந்து நிற்கும் அரங்கங்களில் ஒவ்வோர் உருவத்தையும் எளிமையாகத்தான் வைக்க முடியும், இல்லையென்றால் போன் திணறும். அசைவு பொம்மைபோலத்தான் இருக்கும். அந்த உடம்பின் மேல் அப்பாவின் நிஜத் தோலை ஒட்டினால், மேக்டோர்மன் குழு கண்டது வீட்டு ஹாலிலேயே நடக்கும். ஊரார் அடையாளம் காண்பது அவருடைய மீசை, நெற்றி, வேட்டியை மடித்துக் கட்டும் விதம், எப்போதும் பையில் இருந்த பேனா. இவை இருந்தால் கார்ட்டூன் முகமே போதும். அது அவர் இல்லை, அவர் நினைவாக நிற்கும் ஒன்று என்பதும் பார்க்கிறவர்களுக்குப் புரிந்திருக்கும். என்னைக் கேட்டால், அந்தத் தெளிவு இருப்பது நல்லது. எவ்வளவு நிஜம் வரை தாங்க முடியும் என்பதை வெளியே இருந்து நான் சொல்ல முடியாது. அம்மாவிடம் முன்கூட்டியே, தனியாக, படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். மேடையில் எல்லோர் முன்னும் முதல் தடவை காட்ட வேண்டாம்.

செல்ஃபி எங்கே போகிறது?

நிஜம்போல என்ற முடிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கார்ட்டூன் அவதாரில் இருந்து உங்கள் முகத்தைத் திரும்பப் பெற முடியாது. தோலை அப்படியே ஒட்டும் அவதாரில் உங்கள் புகைப்படமே இருக்கிறது. தெரியாதவர்கள் நிறைந்த கேம் ஒன்றில் அதைப் போட்டுத் திரிவது, உங்கள் படத்தை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். 2022 கடைசியில் லென்சா என்ற ஆப்பின் "மாய அவதார்" பிரபலமானபோது, ஒருவரிடம் பத்துக்கும் மேற்பட்ட செல்ஃபிகளைக் கேட்டது. கொடுத்தவர்களில் பல பெண்கள், தாங்கள் கேட்காமலேயே ஆடை குறைந்த உருவங்கள் வந்ததாகப் புகார் சொன்னார்கள்.

செல்ஃபி கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முகப் புள்ளிகள் போனுக்குள்ளேயே கணக்கிடப்படுகின்றனவா, சர்வருக்குப் போகின்றனவா? ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஆப்பைத் திறந்து செல்ஃபி எடுக்கும் இடம் வரை போங்கள். இப்போது போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு எடுங்கள். அவதார் வந்துவிட்டால் அந்த வேலை போனிலேயே நடக்கிறது. நின்றுவிட்டால் படம் வெளியே போகிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. வந்துவிட்டாலும் முழு நிம்மதி இல்லைதான், நெட் திரும்பியதும் அனுப்பலாம். ஆப்பிளின் மெமோஜி இந்த விஷயத்தில் வேறு ரகம். அது செல்ஃபியைக் கேட்பதே இல்லை, நீங்களே கையால் முகத்தைச் செய்ய வேண்டும். செல்ஃபி வேண்டாம் என்று தோன்றினால் பிட்மோஜி, வாட்ஸ்அப் இரண்டிலும்கூட இதே வழி இருக்கிறது. ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும்.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதற்கு 18 மாதங்கள் கழித்தே அமலுக்கு வரும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். அதுவரை வீட்டில் பத்தாவது படிக்கும் பையன் கேமுக்கு முகத்தை ஸ்கேன் செய்தால் தடுப்பதற்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். அவனுடைய அவதார் கார்ட்டூனாகவே இருக்கட்டும், பள்ளிச் சட்டையும் வேண்டாம்.

எல்லாம் முடிந்து ஓர் அவதார் தயார் ஆகிவிட்டதா? அதை நகம் அளவுக்குச் சுருக்கி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பெயர் போடாமல், "இது யார்?" என்று மட்டும் கேட்டு மூன்று பேருக்கு அனுப்புங்கள். வீட்டில் ஒருவர், வேலை இடத்தில் ஒருவர், நீண்ட நாளாகப் பார்க்காத பள்ளி நண்பர் ஒருவர். மூவரும் உடனே சொல்லிவிட்டால் மேலே எதையும் தொடாதீர்கள். வீட்டில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்தால், நீங்கள் போட்டிருக்கும் சட்டையை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். சட்டையை மாற்றி மறுபடி அனுப்புங்கள். யாருக்குமே தெரியவில்லையா? தோலையும் மூக்கையும் விட்டுவிட்டு, முதலில் புருவத்துக்குப் போங்கள்.